ஒரு அட்டைக்கு ஒரு ஆள்

கோகிலவாணியின் பெயரை அமிர்தம் முதன்முதலாகக் கேட்டது கச்சிராயபாளையம் ரேஷன் கடை வரிசையில். முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றும் நாள். கடைக்காரர் அட்டையைத் தூக்கிப் பிடித்து, "பழனி, கெஜலட்சுமி, கோகிலவாணி, தமிழழகன். நாலு உருப்படி" என்று படித்தார். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "களை வெட்டப் போற வூட்டுப் புள்ளைக்கு இன்னா பேருடி இது, சினிமாக்காரி மாதிரி!"

அமிர்தம் சிரிக்கவில்லை. பழனி அவளுக்குச் சித்தப்பா மகன். அந்த முறையில் கோகிலவாணிக்கு அவள் அத்தை. ஐந்து வயதுப் பெண் அப்பன் இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டு, தன் பெயர் எந்த இடத்தில் எழுதியிருக்கிறது என்று அட்டையை எட்டி எட்டிப் பார்த்தது இன்றைக்கும் அமிர்தத்தின் கண்ணில் நிற்கிறது.

அந்தப் பெண் பன்னிரண்டாவது வரை படித்தது, தட்டச்சு கற்றது, திருக்கோவிலூரில் வாழ்க்கைப்பட்டது, மூன்றாம் வருடமே கட்டியவன் பெங்களூருக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்தது, இவள் ஒரு பெட்டியோடு கள்ளக்குறிச்சிக்குத் தம்பி வீட்டுக்கு வந்தது எல்லாம் அமிர்தத்துக்கு வரிசையாகத் தெரியும். விவாகரத்து என்று எந்தக் காகிதமும் கிடையாது. அவன் போனான், அவ்வளவுதான். தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் கோகிலவாணி தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். சாதிச் சான்று, வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன், எதுவானாலும் மனு அவள் கையால்தான். திருக்கோவிலூர் அட்டையில் இருந்த பெயரை நீக்கித் தம்பி அட்டையில் சேர்த்ததும் அவளே எழுதிய மனுதான்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனதும் வாடகை ஏறத் தொடங்கியது. ஆபீசர்கள் வந்தார்கள், வங்கிக்காரர்கள் வந்தார்கள். அமிர்தம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். அவளும், தமிழழகன் குடும்பமும், இன்னும் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களும் இருந்தது அரிசி மண்டி கந்தசாமியின் லைன் வீடுகளில். ஒரு வாசல், ஒரு அறை, ஒரு அடுப்படி. தண்ணீர்க் குழாயும் கக்கூசும் பொது. வருடத்துக்கு ஒருமுறை கந்தசாமி வந்து வாசலில் நின்று, "இருக்கிறவங்க இருங்க, கட்டுப்படியாகாதவங்க சொல்லிடுங்க" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் என்ற யோசனை கோகிலவாணியுடையது. ஒரு மனு தட்டும்போது எங்கேயோ படித்திருக்கிறாள். தையல் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முப்பத்தொரு பேர் கூடினார்கள். சமையல்காரிகள், ஆஸ்பத்திரித் துப்புரவு ஆட்கள், பஸ் ஸ்டாண்டில் சுமை தூக்குகிறவர்கள், தையல்காரிகள். வழி சொல்ல வந்தவர் வெங்கடேசன், கூட்டுறவுத் துறையில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. வேற வேற குடும்பத்துல இருந்து இருபத்தஞ்சு பேராவது இருக்கணும். அப்பத்தான் பதிவுக்கே மனு போட முடியும். மனுவோட துணைவிதி வைக்கணும். சங்கத்துக்கு அதான் எலும்பு. மாதிரி விதி என்கிட்ட இருக்குது. ஆனா உங்க ஊர்ச் சங்கதி உங்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொண்ணா படிச்சு, பேசி, ஒத்துக்கிட்டு எழுதணும்."

கோகிலவாணியைத் தலைமை அமைப்பாளர் என்று தேர்ந்தெடுத்தார்கள். ஏழு ஞாயிற்றுக்கிழமை. அவள் ஒரு விதியைப் படிப்பாள், தெருப் பேச்சில் விளக்குவாள், சண்டை நடக்கும், அப்புறம் எழுதுவாள். பொதுப்பேரவை வருடத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும். பதினைந்து நாள் முன்னால் கையில் அறிவிப்பு தர வேண்டும். ஐந்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் சிறப்புக் கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். எத்தனை பங்கு வாங்கினாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டுத்தான். பதிலுக்கு ஆள் அனுப்பி ஓட்டுப் போட முடியாது.

"என் வூட்டுக்காரரு குடிச்சிட்டு படுத்துட்டாருன்னா நான் வந்து போடலாமா?" என்றாள் ரங்கம்மாள் என்ற தையல்காரி.

"உறுப்பினரு அவரா நீயா?"

"அவருதான்."

"அப்ப அவருதான் வரணும்."

"அப்ப என் பேருல போடு தாயி. நான் குடிக்கிறதில்ல."

மாடியே சிரித்தது. கோகிலவாணி அங்கேயே பெயரை மாற்றினாள்.

தகராறு தீர்க்கும் தாவா விதிக்குத்தான் இரண்டு வாரம் பிடித்தது. சங்கத்தோடு உறுப்பினருக்கோ, உறுப்பினரோடு உறுப்பினருக்கோ தாவா வந்தால் கூட்டுறவுச் சட்டத்தின் தொண்ணூறாவது பிரிவுப்படி பதிவாளருக்குப் போகலாம், அதைத் தடுக்கிற மாதிரி நாம் எதுவும் எழுத முடியாது என்றார் வெங்கடேசன். "அதுக்கு முன்னாடி நமக்குள்ள ஒரு தடவ உட்கார்ந்து பேசணும்ங்க. வெள்ளாட்டுக்குட்டி செடியக் கடிச்சதுக்கெல்லாம் விழுப்புரம் பஸ் ஏற முடியுமா?" என்றாள் கோகிலவாணி. இரு பக்கத்தையும் கேட்காமல் எதையும் முடிவு செய்யக்கூடாது என்று எழுதினாள். அடுத்த வரியும் அவளுடையதுதான்: 'எவருடைய சங்கதி பேசப்படுகிறதோ அவரும், அவருடைய கணவர் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரும் முடிவு எடுக்கும்போது கூட்டத்தில் இருக்கக் கூடாது.' வெங்கடேசன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது மாதிரி விதியில இல்லம்மா. நல்லா இருக்குது" என்றார்.

வினை உறுப்பினர் விதியில் வந்தது. கந்தசாமிக்கு நான்கு பையன்கள். ஒரே வீடு, ஒரே உலை. சொத்து எல்லாம் கந்தசாமி பெயரில். நான்கு பையன்களும் நான்கு மருமகள்களும் சங்கத்தில் சேர மனு கேட்டு ஆள் அனுப்பினார்கள்.

"சொந்தப் பேர்ல வூடு, மனை இல்லாதவங்க சேரலாம்னு எழுதியிருக்கோம். அவங்க பேர்ல ஒண்ணும் இல்லியே" என்றார் சுமை தூக்கும் சின்னக்கண்ணு.

"எட்டு ஓட்டு! எட்டு மனை! இங்கயும் அவருக்கே வாடகை குடுக்கணுமா?" என்று அமிர்தம் கத்தினாள். அவள் கத்தியதை யாரும் அதற்கு முன் கேட்டதில்லை.

குடும்பத்துக்கு ஒருவர் என்று வைக்கலாம் என்றார்கள். எது குடும்பம் என்று ஆரம்பித்ததும் மறுபடி கூச்சல். கல்யாணம் ஆனால் தனிக் குடும்பமா, ஒரே உலை என்றால் ஒரே குடும்பமா, உலையை யார் போய்ப் பார்ப்பது? அப்போது கோகிலவாணி பேனாவை மேசையில் தட்டினாள்.

"இத்தன வருசமா தாலுகா ஆபீசு வாசல்ல உக்காந்துக்கினு கீறேன். எந்த ஆபீசரும் குடும்பம்னா இன்னான்னு வாயால கேக்க மாட்டாங்க. அட்டைய எடுன்னுதான் சொல்லுவாங்க. நாமும் அதையே வைப்போம். ஒரு அட்டைக்கு ஒரு ஆள். நகல் வச்சா போச்சு. யாரும் யாரு வூட்டு அடுப்பையும் எட்டிப் பாக்க வேணாம்."

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. கந்தசாமி வீட்டில் ஒரே அட்டை என்பது ஊருக்கே தெரியும். அட்டையில் ஒருவர் பேரில் வீடு இருந்தாலும் அந்த அட்டைக்கே இடமில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்கள்; அந்த அட்டையில் தலைவர் கந்தசாமி, அவருக்கோ வீடு இருக்கிறது. முப்பத்தொரு கையும் மேலே போனது. அமிர்தம் இரண்டு கையையும் தூக்கினாள். 'ஒரு குடும்ப அட்டையில் பெயர் உள்ளவர்களில் ஒருவர் மட்டுமே உறுப்பினராக இருக்கத் தகுதியுடையவர்' என்று கோகிலவாணி நிறுத்தி நிறுத்திப் படித்து எழுதினாள். ஜன்னலுக்கு வெளியே கல்வராயன் மலைப் பக்கம் மேகம் கட்டியிருந்தது. மழைக்கு முன் வீடு போகணும் என்று எல்லோரும் செருப்பைத் தேடினார்கள்.

இரண்டு மாதம் கழித்து, மனுவோடு வைக்க எல்லோருடைய அட்டையையும் நகல் எடுக்கும் நாள். அமிர்தம் கடைசியாகத் தன் அட்டையைக் கொண்டுபோய்க் கடையில் நின்றாள். கோகிலவாணி உறுப்பினர் பட்டியலைப் பார்த்து, வரிசைப்படி நகல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பதின்மூன்றாவது பெயர் தமிழழகன். நகல் வைத்தாள். பதினான்காவது பெயர் கோகிலவாணி. தன் அட்டை வேண்டும் என்று கை பைக்குள் போயிற்று. வெளியே வந்தது தம்பியின் அட்டை. இயந்திரத்தின் மூடியைத் தூக்கி, அட்டையைக் கவிழ்த்து வைத்து, பட்டனை அழுத்தினாள். அதே காகிதம் இன்னொரு முறை வெளியே வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னாடி?" என்றாள் அமிர்தம்.

"அத்த, நான் இதுல இல்ல."

அமிர்தத்துக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. முதல் கூட்டத்தில் கையெழுத்து வாங்கும்போது இந்த விதியே கிடையாது. தம்பி போட்டான், அக்காவும் போட்டாள். இரண்டு பெயரும் நின்றுவிட்டன. விதி எழுதும்போது எல்லோர் கண்ணும் கந்தசாமி வீட்டு அட்டையில் இருந்தது.

"யாருக்குத் தெரியும்? சும்மா வச்சு அனுப்பு" என்று அமிர்தம் குரலைத் தாழ்த்தினாள்.

"கந்தசாமி மூத்த பையன் பட்டியல் கேட்டு மூணு தடவ வந்துட்டான் அத்த. பாத்ததும் புடிச்சுக்குவான். அவனுக்கு இல்லாதது எனக்கு மட்டும் எப்படின்னு கேட்டா இன்னா பதில் சொல்றது?"

அன்று சாயங்காலம் தமிழழகன் வீட்டில் பேச்சு நடந்தது. லைன் வீட்டில் சுவர் மெல்லியது. அமிர்தம் எதையும் ஒட்டுக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. தம்பி மனைவி ஜெயசுதா சொன்னாள்: "அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க. நீங்க ஒத்த ஆளு. எங்க பேர்ல இருந்தாலும் உங்களுக்கு ஒரு ரூம் இல்லாமலா போயிடும்?"

"படுக்க இடம் இப்பவும் இருக்குது ஜெயசுதா. நான் கேட்டது பூட்டிக்கிற கதவு."

"அப்ப தனி அட்டை வாங்கிக்குங்க. ஊருக்கெல்லாம் மனு எழுதறீங்க."

கோகிலவாணி சிரித்த சத்தம் கேட்டது. தனி அட்டைக்குத் தனிச் சமையல் வேண்டும், தனி முகவரி வேண்டும். வருவாய் ஆய்வாளர் வந்து அடுப்பைப் பார்ப்பார். தனி வீடு இருந்தால்தான் தனி அட்டை. தனி அட்டை இருந்தால்தான் சங்கத்தில் வீடு. சின்னசேலத்தில் வாடகை குறைவு, அங்கே ஒரு அறை எடுக்கலாம். ஆனால் சங்கத்தின் செயல் எல்லை கள்ளக்குறிச்சி நகரமும் சுற்றுக் கிராமங்களும்தான் என்று எழுதியிருப்பதும் அவள்தான். தானே தைத்த பைக்குள் தன்னையே போட்டுச் சுருக்குக் கயிற்றை இழுத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது அவள் நிலைமை.

"இங்கயே பின்னாடி ஒரு ஸ்டவ் வச்சுக்கிறேன். தனிச் சமையல்னு காட்டலாம். பேரை மட்டும் நீக்கிக் குடு" என்றாள் தம்பியிடம்.

"ஒரே வூட்டுல ரெண்டு அடுப்பா? அப்பா செத்தப்ப எங்கிட்ட இன்னா சொன்னாரு? அக்காவக் கைவிடாதன்னாரு. அட்டையில இருந்து உன் பேரை எடுத்தா, நானும் உன்னத் தள்ளி வச்சேன்னு ஆயிடும்க்கா. என்னால முடியாது" என்றான் தமிழழகன். பாசத்தில் சொன்னதுதான். அதனாலேயே அவள் அன்றைக்கு அந்தப் பேச்சை விட்டாள்.

மறுநாள் கந்தசாமியே ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். சங்கதி எப்படியோ எட்டிவிட்டது.

"ஏம்மா, கடைசி லைன்ல ஒரு வூடு காலியா கீது. வாடகைப் பத்திரம் உன் பேர்ல எழுதித் தர்றேன். முன்பணம் வேணாம். தனி அட்டை வாங்கிக்க."

"எதுக்குங்க?"

"எதுக்குன்னா? ஒரே ஒரு வரிதான். அட்டைக்கு ஒரு ஆளுன்னு இருக்கிறத, கல்யாணம் ஆனவங்க தனிக் குடும்பம்னு மாத்திடு. எழுதறது நீதானே."

"எழுதறது நான்ங்க. முடிவு பண்றது முப்பத்தொரு பேரு."

"நீ சொன்னா கேப்பாங்க."

"கேப்பாங்கன்னுதான் சொல்ல பயமா கீது" என்றாள். அந்தப் பேச்சை அமிர்தத்திடம் சொல்லும்போது அவள் கை, மேசையில் இருந்த துண்டுக் காகிதத்தைச் சின்னச் சின்னதாகக் கிழித்துக்கொண்டிருந்தது. "வேணாம்னு சொல்லிட்டேன் அத்த. சொன்னதுல இருந்து அந்த வூட்டு வாசக்கதவே கண்ணுக்குள்ள நிக்குது. பச்சை பெயிண்டு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அவளே எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். ஒரே அட்டையின் இரண்டு நகலையும் காட்டினாள். கந்தசாமி வந்ததையும் மறைக்கவில்லை. வெங்கடேசன் சொன்னார்: "துணைவிதி இன்னும் பதிவாகல. இன்னைக்கு இந்தக் கூட்டமே மாத்தலாம். பதிவான பிறகுன்னா பேரவையில தீர்மானம் போட்டு, பதிவாளர் ஒத்துக்கிட்டாத்தான் ஆகும். அதனால யோசிச்சுப் பண்ணுங்க."

"கோகிலாவுக்கு மட்டும் விலக்குன்னு எழுதுனா?" என்றாள் ரங்கம்மாள்.

"ஒரு ஆளு பேரைப் போட்டு விதி எழுத முடியாதும்மா. புருசன் இல்லாம பொறந்த வூட்ல இருக்கிற பொம்பளைங்களுக்குன்னு பொதுவா எழுதலாம்."

"எழுதுங்க. கந்தசாமி பொண்ணு ரெண்டு வருசமா அப்பன் வூட்லதான் கீது. நாளைக்கே மனு வரும்" என்றார் சின்னக்கண்ணு. "ஒரு கதவத் தொறந்தா யாரு யாரு நுழைவாங்கன்னு தெரியாதுங்க. வரப்போறது முப்பத்தொரு மனை."

கோகிலவாணி எழுந்தாள். "என் சங்கதி பேசறீங்க. நான் இருக்கக் கூடாது. தமிழு, நீயும் வா." தாவா விதியை அவள் தன்மேலேயே போட்டுக்கொண்டாள். அக்காவும் தம்பியும் படியிறங்கிப் போனார்கள். அத்தைக்கு அந்த விதி பொருந்தாது. அமிர்தம் உள்ளேயே இருந்தாள்.

அன்று இரண்டு பேர் வரவில்லை; மீதி இருந்த இருபத்தேழு பேருக்குத் துண்டுச் சீட்டுக் கொடுத்தார் வெங்கடேசன். விதி இருக்கட்டும் என்றால் வட்டம், மாற்ற வேண்டும் என்றால் பெருக்கல் குறி. அமிர்தம் சீட்டை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வேட்டியைப் பிடித்துக்கொண்டு அட்டையை எட்டிப் பார்த்த பெண் ஞாபகத்துக்கு வந்தாள். கந்தசாமி வாசலில் நின்று "கட்டுப்படியாகாதவங்க சொல்லிடுங்க" என்று சொல்வதும் ஞாபகத்துக்கு வந்தது. அவளுக்கு அறுபது நெருங்குகிறது. சத்துணவு வேலை முடிந்தால் அந்த லைன் வீட்டு வாடகையை எதை வைத்துக் கொடுப்பாள்? அவளுக்கென்று வரப்போவது ஒரு மனை, ஒரு ஓட்டு. கந்தசாமி ஆட்கள் உள்ளே வந்துவிட்டால் அந்த ஓட்டுக்கு இன்னா மதிப்பு?

வட்டம் போட்டாள். சீட்டை நான்காக மடித்துப் போட்டாள். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பதினாறு வட்டம், பதினொரு பெருக்கல். கீழே போய்ச் சொல்லும் வேலையையும் அமிர்தத்திடமே கொடுத்தார்கள். கோகிலவாணி கடைசிப் படியில் எல்லோருடைய செருப்புக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அமிர்தத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி அத்த" என்றாள். தமிழழகன், "என் பேரை எடுத்துட்டு அக்கா பேரு இருக்கட்டும்" என்று எழுந்தான். அவள் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "ரெண்டு புள்ளைங்கள வச்சுக்கினு பேசற பேச்சா இது? ஜெயசுதா என்ன சோறு போட விடுவாளா அப்புறம்?" என்றாள். மேலே வந்து, பட்டியலை விரித்து, ஸ்கேல் வைத்து, பதினான்காவது பெயரைத் தானே அடித்தாள். ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டாள்.

உறுப்பினராக இல்லாதவர் தலைமை அமைப்பாளராக இருக்க முடியாது. அந்தப் பதவிக்கு அமிர்தத்தைச் சொன்னார்கள். மூத்தவள், கந்தசாமியை எதிர்த்துக் கத்தியவள் என்று காரணம். அமிர்தத்துக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். விழுப்புரத்தில் கூட்டுறவுப் பதிவாளர் அலுவலகத்தில் மனுவின் ஒவ்வொரு பக்கத்தையும் கோகிலவாணி புரட்டிப் பிடித்து, "இங்க அத்த... இங்க" என்று விரலை வைத்துக் காட்ட, அமிர்தம் கையெழுத்துப் போட்டாள். அந்த விரலுக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதும் ஒவ்வொரு முறையும் பேனா வழுக்கியது.

சங்கம் பதிவானது. கச்சிராயபாளையம் சாலையில் நிலம் வாங்கி, மனை பிரித்துக் கல் நட்டார்கள். முப்பது பேருக்கு முப்பது மனை போக ஒன்று மிச்சம். கோகிலவாணிக்குத் தனி அட்டை கிடைத்தால் அந்த முப்பத்தொன்றாவது மனைக்கு அவள் மனுப் போடலாம் என்று எல்லோரும் வாயாரச் சொன்னார்கள். தன் அட்டையில் இருந்து அவள் பெயரைத் தம்பி நீக்கித் தரவில்லை. அவள் இரண்டு முறை கேட்டாள், மூன்றாம் முறை கேட்கவில்லை.

கல் நட்ட எட்டாவது மாதம் ஒரு மனு வந்தது. கந்தசாமியின் மூத்த பையனுடையது. தனி அட்டை நகல் இணைத்திருந்தது. அப்பனுக்கு வீடுகளுக்கா பஞ்சம்? பையனையும் மருமகளையும் கடைசி லைனில் பச்சைக் கதவு வீட்டில் குடிவைத்தார். தனி அடுப்பு, தனி முகவரி, வருவாய் ஆய்வாளர் வந்து பார்த்துப் போனார், அட்டை வந்துவிட்டது. அந்த மனுவையும் கோகிலவாணிதான் நிர்வாகக் குழுவில் படித்துக் காட்டினாள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. எழுதக் காரணம் எதுவும் இல்லை. பேர் மேல் வீடு இல்லை, எல்லைக்குள் குடியிருக்கிறான், ஒரு அட்டைக்கு ஒரு ஆள்.

"இன்னா பண்றது கோகிலா?" என்றாள் அமிர்தம்.

"சேத்துக்கணும் அத்த. விதி அப்படித்தான் கீது" என்றாள் அவள். தீர்மானப் புத்தகத்தில் தேதி போட்டாள்.

பச்சைக் கதவு வீட்டுக்காரனுக்கு முப்பத்தொன்றாவது மனை எழுதப்பட்டது. பொதுப்பேரவையில் அவனுக்கு ஒரு ஓட்டு இருக்கிறது. கோகிலவாணி சம்பளமில்லாமல் கூட்டக் குறிப்பு எழுதுகிறாள். ஓட்டெடுப்பு வந்தால் எழுந்து வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து முடிவைக் கேட்டு எழுதுவாள். பகலில் அதே ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள். மற்ற நேரம் கந்தசாமி லைனில், மூன்றாவது வாசலில், தம்பியின் வாடகை வீட்டு ஒற்றை அறையில் இருக்கிறாள்.